தாமதமாக வரும் ஊழியருக்கு முதல் எச்சரிக்கைக் கடிதம்: கண்டிப்பு எங்கே இருக்க வேண்டும்?

கேள்வி: "என் அணியில் ஒருவர் வேலையில் கெட்டிக்காரர். ஆனால் வாரத்துக்கு இரண்டு நாளாவது தாமதமாக வருகிறார். இரண்டு முறை வாயால் சொல்லிவிட்டேன், பலனில்லை. இப்போது எழுத்தில் எச்சரிக்கை கொடுக்கச் சொல்கிறார்கள். மனிதர் மனம் நோகக் கூடாது, விளையாட்டாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. எப்படி எழுதுவது?"

சொற்களைத் தேடுவதற்கு முன்னால் வருகைப் பதிவேட்டைத் திறந்து வையுங்கள். இருபது வருடங்களாக ஊழியர் நிர்வாகத்தில் இருக்கிறேன். இந்த மாதிரிக் கடிதங்களை நானே எழுதியிருக்கிறேன், மற்ற மேலாளர்கள் எழுதியதைத் திருத்தியும் கொடுத்திருக்கிறேன். சொதப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருந்தன. தேதி இருக்க வேண்டிய இடத்தில் 'அடிக்கடி', 'பலமுறை', 'தொடர்ந்து' என்று இருந்தது. அந்தச் சொற்கள் எழுதுகிறவருடைய எரிச்சலைத்தான் காட்டும், படிக்கிறவருக்கு எதையும் நிரூபிக்காது. 'அடிக்கடி தாமதமாக வருகிறீர்கள்' என்றால் அவர் 'அப்படியெல்லாம் இல்லையே' என்று சொல்லிவிட்டுப் போகலாம். 'ஜூன் 10 அன்று 9.41க்கு வந்தீர்கள்' என்றால் அப்படிச் சொல்ல முடியாது. அதே வாக்கியம் அவரை அவமானப்படுத்தவும் இல்லை. நீங்கள் கேட்கிற கண்டிப்பையும் மரியாதையையும் சேர்த்தே தருவது இந்த வகை வாக்கியம்தான்.

நான் கையாண்ட ஒரு விஷயத்தை, ஆள் யாரென்று தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். உங்கள் நிலைமைக்கு அது கிட்டத்தட்டப் பொருந்தும். வேலை தொடங்கும் நேரம் 9.00 மணி, சலுகை நேரம் பத்து நிமிடம். அவருடைய மேலாளர் என்னிடம் வந்து "வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் லேட்" என்றார். பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். நான்கு வாரத்தில் ஏழு நாட்கள், 9.10க்குப் பிறகு அட்டையைத் தேய்த்திருந்தார். ஜூன் 3, 5, 10, 12, 17, 20, 24. வாரத்துக்கு இரண்டு மூன்று என்று கடிதத்தில் எழுதியிருந்தால் முதல் வரியே பொய்யாகியிருக்கும். எரிச்சலில் இருக்கும்போது மனம் எண்ணிக்கையைக் கூட்டித்தான் சொல்லும், அது யாருக்கும் நடப்பதுதான்.

அப்புறம் ஏழு நாட்களையும் ஒவ்வொன்றாக விசாரித்தோம். இந்த வேலையைத் தவறவிடாதீர்கள், பல கடிதங்கள் சாய்வது இங்கேதான். ஜூன் 20 அன்று அவர் 9.22க்கு உள்ளே வந்ததாகப் பதிவு சொன்னது. ஆனால் அன்று காலை மேலாளரே அவரை நேராக ஒரு வாடிக்கையாளரிடம் போய்க் காகிதம் வாங்கிவரச் சொல்லியிருந்தார், சொன்னதையே மறந்துவிட்டார். அந்தத் தேதியும் கடிதத்தில் போயிருந்தால் மற்ற ஆறு தேதிகளும் சேர்ந்து மதிப்பிழந்திருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நிறுவனத்தில் இதே தவறைச் செய்தேன். பதிவை மட்டும் நம்பி, அனுமதி வாங்கி வந்த ஒரு நாளையும் தாமதமாகக் கணக்குப் போட்டு எழுதிவிட்டேன். அந்த ஊழியர் அனுமதி கொடுத்த மின்னஞ்சலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அவர் உண்மையிலேயே தாமதமாக வந்த நாட்களைப் பற்றிப் பேசும் தகுதியையும் அன்றே இழந்தேன். அதனால் ஒவ்வொரு தேதிக்கும் விடுப்புப் பதிவு, வெளிவேலை, முந்தைய இரவு கூடுதல் நேரம், கடிகாரமோ கருவியோ பழுது என்று நான்கையும் பார்த்துவிடுங்கள். சந்தேகமாக இருக்கும் தேதியை விட்டுவிடுங்கள். உறுதியான நான்கு தேதிகள், சந்தேகத்துக்கிடமான எட்டைவிடப் பலமானவை.

அதே நேரத்தில் மற்றவர்களுடைய பதிவையும் ஒருமுறை பாருங்கள். இன்னொருவரும் இதே அளவு தாமதமாக வந்து அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்றால், கடிதம் வாங்குகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது. இருவரையும் ஒரே அளவுகோலில் வைக்க முடிந்த பிறகு கடிதம் கொடுங்கள்.

மீதி ஆறு தேதிகளைக் கிழமையோடு எழுதிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. 3, 10, 17, 24 நான்கும் திங்கட்கிழமைகள், நான்கிலும் அரை மணி நேரத்துக்கு மேல் தாமதம். மற்ற இரண்டும் புதன்கிழமைகள், கால் மணி நேரத்தை ஒட்டிய தாமதம். இப்படி ஒரே கிழமையில் குவிந்தால் அதற்குப் பின்னால் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது என்று பொருள். அதைக் கேட்காமல் எழுத உட்காரக் கூடாது. விளக்கம் கேட்கும் மெமோ வேறு, எச்சரிக்கைக் கடிதம் வேறு. முதலாவது கேள்வி, இரண்டாவது முடிவு. மறுதரப்பைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பது இயற்கை நீதியின் அடிப்படை விதி. எழுத்தில்தான் கேட்க வேண்டும் என்று உங்கள் நிறுவன விதி சொன்னால் மெமோ கொடுங்கள். இல்லாவிட்டால் தனியறையில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பேசி, பேசியதை அன்றே குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

அவர் சொன்ன காரணம் இதுதான்: வார இறுதியில் ஊருக்குப் போய் திங்கட்கிழமை காலை ரயிலில் திரும்புகிறார், ரயில் தாமதமாகிறது. இது முன்கூட்டியே தெரிந்த, அவரால் மாற்றிக்கொள்ளக்கூடிய ஏற்பாடு. அதனால் கடிதம் கொடுப்பது நியாயம்தான் என்று முடிவு செய்தோம். பதிலாக, திங்கட்கிழமை காலையில் தாயாரைச் சிகிச்சைக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்றோ, ஒரு புதிய மருந்தால் காலையில் எழ முடியவில்லை என்றோ சொல்லியிருந்தால் நான் கடிதத்தை நிறுத்தியிருப்பேன். உடல்நலம், கர்ப்பம், மாற்றுத்திறன், குடும்பத்தில் நோயாளியைப் பார்த்துக்கொள்வது ஆகியவை காரணமாக இருக்கும்போது எச்சரிக்கை என்பது தவறான கருவி. அங்கே பேச வேண்டியது நேர மாற்றத்தைப் பற்றி. பல நாடுகளில் சட்டமும் அதைத்தான் எதிர்பார்க்கிறது.

சரி, கடிதத்துக்கு வருவோம். நாங்கள் கொடுத்தது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"அன்புள்ள திரு. ............ அவர்களுக்கு,

பொருள்: தாமத வருகை குறித்து முதல் எழுத்துப்பூர்வ எச்சரிக்கை.

நம் அலுவலகத்தில் வேலை காலை 9.00 மணிக்குத் தொடங்குகிறது. 9.10க்குப் பிறகு வருவது தாமதமாகக் கணக்கிடப்படுகிறது. வருகைப் பதிவின்படி நீங்கள் கீழ்க்காணும் நாட்களில் தாமதமாக வந்திருக்கிறீர்கள்: ஜூன் 3 திங்கள், 9.32, ஜூன் 5 புதன், 9.18, ஜூன் 10 திங்கள், 9.41, ஜூன் 12 புதன், 9.14, ஜூன் 17 திங்கள், 9.36, ஜூன் 24 திங்கள், 9.38.

ஜூன் 7 அன்றும் ஜூன் 14 அன்றும் இது குறித்து உங்களிடம் நேரில் பேசினேன். அதன் பிறகும் இரண்டு முறை தாமதமாக வந்தீர்கள். ஜூன் 25 அன்று உங்கள் விளக்கத்தைக் கேட்டேன். திங்கட்கிழமைகளில் ஊரிலிருந்து வரும் ரயில் தாமதமாவதாகவும், மற்ற இரண்டு நாட்களுக்குக் குறிப்பிட்ட காரணம் இல்லை என்றும் சொன்னீர்கள். அதைக் கருத்தில் கொண்டேன். ஆனால் பயண ஏற்பாடு உங்களால் மாற்றிக்கொள்ளக்கூடியது என்பதால், தாமதத்துக்கு அதைக் காரணமாகத் தொடர்ந்து ஏற்க இயலாது.

வாடிக்கையாளர்களின் அழைப்புகள் 9.00 மணிக்கே வரத் தொடங்குகின்றன. நீங்கள் வரும் வரை உங்கள் அழைப்புகளையும் மற்றவர்கள் எடுக்க வேண்டியிருந்தது.

ஜூலை 1 முதல் எல்லா வேலை நாட்களிலும் நீங்கள் குறித்த நேரத்துக்கு வர வேண்டும். தவிர்க்க முடியாத தாமதம் என்றால் 8.45க்குள் எனக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். திங்கட்கிழமை வேலை நேரத்தை மாற்றிக்கொள்ள விரும்பினால் ஜூலை 5க்குள் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் அனுமதி கிடைக்கும் வரை இப்போதுள்ள நேரமே பொருந்தும்.

ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை உங்கள் வருகை கவனிக்கப்படும். ஜூலை 31 அன்று நாம் இருவரும் சேர்ந்து பதிவைப் பார்ப்போம். இந்தக் காலத்தில் ஏற்கத்தக்க காரணம் இல்லாத தாமதம் மூன்று முறை நேர்ந்தால், இறுதி எச்சரிக்கை கொடுப்பது பரிசீலிக்கப்படும்.

உங்கள் வேலையின் தரத்தில் குறை எதுவும் இல்லை. இந்தக் கடிதம் வருகை நேரத்தைப் பற்றியது மட்டுமே. இதில் ஏதாவது தவறு இருப்பதாகக் கருதினால் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம். உங்கள் பதிலும் இதனுடன் கோப்பில் வைக்கப்படும்."

இதன் கீழே மேலாளரின் பெயர், பதவி, தேதி. அதற்கும் கீழே ஊழியர் கையெழுத்துப் போட ஒரு வரி: "கடிதத்தின் பிரதியைப் பெற்றுக்கொண்டேன்."

சில சொற்களை ஏன் இப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்கிறேன், உங்கள் கடிதத்தை நீங்கள்தான் எழுதப் போகிறீர்கள். 'தாங்கள்' என்று எழுதவில்லை. வேறு கடிதத்தில் அது மரியாதை. எச்சரிக்கையில் வரும்போது குத்திக்காட்டுவதுபோல் கேட்கிறது. 'நீங்கள்' போதும். 'கடுமையாக எச்சரிக்கப்படுகிறீர்கள்' என்ற பழைய அலுவலக வாக்கியமும் வேண்டாம். யார் எச்சரிக்கிறார் என்பதை மறைத்துக்கொண்டு அதட்டுகிற வாக்கியம் அது. 'பேசினேன்', 'கேட்டேன்' என்று தன்மையில் எழுதும்போது பொறுப்பெடுத்துக்கொண்டு ஒரு மனிதர் பேசுகிறார்.

எதிர்ப்பக்கத்தில், மென்மைக்காகப் போடும் சொற்களும் கெடுக்கும். 'நேரத்துக்கு வர முயற்சி செய்யுங்கள்' என்று எழுதினால், அவர் முயன்றும் 9.40க்கு வரலாம், உங்கள் கடிதப்படி அது சரிதான். 'நேரத்துக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்பது வேண்டுகோள், மறுக்க இடமுண்டு. 'வர வேண்டும்' என்பதில் அதட்டலும் இல்லை, ஓட்டையும் இல்லை. கடிதம் முழுவதிலும் கண்டிப்பைச் சுமப்பது அந்த 'வேண்டும்' தான். ஒரே இடத்தில் தெளிவாக வந்தால் போதும்.

'பொறுப்பின்மை', 'அலட்சியம்', 'மற்றவர்களை மதிக்காத போக்கு' எதுவும் உள்ளே வரக் கூடாது. அவர் 9.41க்கு வந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அலட்சியத்தால் வந்தார் என்பது உங்கள் ஊகம். மனம் நோவது பெரும்பாலும் இந்த ஊகச் சொற்களால்தான், தேதிகளால் அல்ல. தன் தாமதத்தை எல்லோரும் அறிவார்கள், தன் குணத்துக்கு இன்னொருவர் சான்றிதழ் எழுதுவதைத்தான் தாங்க முடியாது.

மொத்த நிமிடங்களைக் கூட்டிக் காட்டலாமா என்று அந்த மேலாளர் கேட்டார். 9.00 மணியிலிருந்து எண்ணினால் ஆறு நாட்களும் சேர்ந்து 179 நிமிடம், ஏறக்குறைய மூன்று மணி நேரம். நான் வேண்டாம் என்றேன். கூட்டிக் காட்டினால் அவர் மாலையில் கூடுதலாக இருந்த நிமிடங்களைக் கூட்டிக்கொண்டு வருவார், கணக்கு அவர் பக்கம் சாய்ந்தாலும் சாயலாம். இங்கே சிக்கல் மொத்த நேரம் அல்ல, காலை 9.00 மணிக்கு ஒலிக்கும் தொலைபேசி. அதனால்தான் விளைவு என்று அந்த ஒன்றை மட்டும் எழுதினோம். உங்கள் வேலையில் அப்படி ஒரு விளைவைக் காட்ட முடியவில்லை என்றால், யாரும் காத்திருக்கவில்லை, எதுவும் நிற்கவில்லை என்றால், கடிதத்துக்கு முன் அந்த நேர விதியே தேவைதானா என்று மேலிடத்தில் கேட்பது நல்லது.

வேலையின் தரத்தைப் பாராட்டும் வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள், ஒரு வரியோடு நிறுத்துங்கள். பாதிக் கடிதம் பாராட்டாக இருந்தால் எச்சரிக்கை எது என்று படிப்பவருக்குப் புரியாமல் போகும். நாளைக்கு வேலைத் தரத்தில் குறை வந்தால் உங்கள் பாராட்டே உங்களுக்கு எதிரான சான்றாகவும் ஆகும்.

அடுத்து என்ன நடக்கும் என்ற வரியில் நான் மிகவும் கவனமாக இருப்பேன். செய்ய முடியாததை எழுதாதீர்கள். 'இனி ஒரு நாள் தாமதமானாலும் பணிநீக்கம்' என்று எழுதிவிட்டு, அடுத்த வாரம் மழையில் அவர் 9.15க்கு வந்தால் என்ன செய்வீர்கள்? எதுவும் செய்ய மாட்டீர்கள். அந்த நிமிடமே கடிதம் செத்துவிடும். அதனால்தான் மூன்று மாதம், மூன்று முறை, அதற்கு அடுத்த படி இறுதி எச்சரிக்கை என்று அளவாக வைத்தோம். அதுவும் 'கொடுக்கப்படும்' என்று எழுதவில்லை, 'பரிசீலிக்கப்படும்' என்றுதான் எழுதினோம். அப்போதும் அவர் பக்கத்தைக் கேட்க வேண்டியிருக்கும், முடிவை இன்றே எழுதிவைப்பது முறையல்ல. சம்பளப் பிடித்தத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்கூட வேண்டாம், உங்கள் நாட்டுச் சட்டமும் வேலை ஒப்பந்தமும் அதை அனுமதிக்கின்றன என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய.

கொடுக்கும் விதத்துக்கு வருகிறேன். தனியறையில், கையில், கடைசித் தாமதம் நடந்து ஒரு வாரத்துக்குள் கொடுங்கள். எங்கள் விஷயத்தில் ஜூன் 26 அன்று, விளக்கம் கேட்ட மறுநாளே, கொடுத்தோம். மேசையில் வைத்துவிட்டுப் போவதும், குழு மின்னஞ்சலில் அனுப்புவதும் கூடாது. அவர் படித்து முடிக்கும் வரை பேசாமல் இருங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அந்தக் கையெழுத்து பெற்றுக்கொண்டதற்கு மட்டும்தான், ஒப்புக்கொண்டதற்கு அல்ல என்று ஒருமுறை சொல்லுங்கள். அப்போதும் மறுத்தால் 'கடிதம் கொடுக்கப்பட்டது, கையெழுத்திட மறுத்தார்' என்று உங்கள் பிரதியில் தேதியோடு எழுதி, உடனிருந்த ஒருவரிடம் கையெழுத்து வாங்கி, அதே கடிதத்தை அவருடைய அலுவலக மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் உறுதியானவை எவை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். தேதி, நேரம், முன்பு பேசியது, அவர் விளக்கம், இனி என்ன வேண்டும், மறுபதிலுக்கு வழி ஆகியவை எங்கே வேலை செய்தாலும் கடிதத்தில் இருக்க வேண்டியவை. மூன்று மாதம், மூன்று முறை, ஏழு நாள் ஆகியவை என் வழக்கம், விதி அல்ல. எச்சரிக்கை எத்தனை மாதம் செல்லும், எத்தனை எச்சரிக்கைக்குப் பிறகு என்ன நடவடிக்கை, யார் கையெழுத்திட அதிகாரம் உள்ளவர் என்பதெல்லாம் உங்கள் நிறுவன விதிகளையும் நாட்டின் தொழிலாளர் சட்டத்தையும் பொறுத்தவை. தொழிற்சங்க ஒப்பந்தம் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். இறுதி எச்சரிக்கைக்குப் போகும் கட்டத்தில் ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் வரைவைக் காட்டுங்கள். கடிதம் கொடுத்தால் அவர் திருந்திவிடுவார் என்றும் என்னால் சொல்ல முடியாது. இதே மாதிரிக் கடிதத்துக்குப் பிறகு ஒருநாள்கூடத் தவறாதவர்களையும் பார்த்திருக்கிறேன், இரண்டு மாதத்தில் வேறு வேலை தேடிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஆள் ஜூலை 3 அன்றே எழுதிக் கேட்டார். திங்கட்கிழமை மட்டும் 9.45க்குத் தொடங்கி, மாலையில் 45 நிமிடம் கூடுதலாக இருக்க அனுமதித்தோம், அந்த நேரத்துத் தொலைபேசியை இன்னொருவர் சம்மதித்து எடுத்துக்கொண்டார். ஜூலை 31 அன்று பதிவைப் பார்த்தபோது ஒரு தாமதம்தான் இருந்தது, அதற்கும் 8.40க்கே அழைத்துச் சொல்லியிருந்தார். செப்டம்பர் 30 முடிந்ததும் மேலாளர் இரண்டு வரிக் குறிப்பு ஒன்று எழுதினார்: கவனிப்புக் காலம் முடிந்தது, வருகை திருப்தி. ஒரு பிரதியை அவரிடம் கொடுத்தார், இன்னொன்றை எச்சரிக்கைக் கடிதத்துக்கு மேலே கோப்பில் வைத்தார். எச்சரிக்கை எழுத நேரம் ஒதுக்குகிற பலர் இந்தக் குறிப்பை எழுத மறந்துவிடுகிறார்கள். நாட்காட்டியில் அந்தத் தேதியை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.